தொட்டி வராத மேடைகள்

அந்தக் கடிதத்தை நான் இரண்டு முறை எழுதினேன். எழுத்து என்று பார்த்தால் முதலாவதுதான் சிறந்தது. அதில் ஒரு பிழை கிடையாது. அதில் யாரும் எதுவும் செய்யவும் இல்லை. தாமதம் 'ஏற்பட்டது', இடர்ப்பாடு 'நேர்ந்தது', பணிகள் 'நிலுவையில் உள்ளன'. அரசு அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து ஆயுளைக் கழித்தவனுக்கு இந்த வித்தை தானாகவே வந்துவிடும். ஆள் இல்லாத வாக்கியம் எழுதுவது எங்களுக்கு மூச்சு விடுவது மாதிரி.

ஓய்வு பெற்ற பிறகு போர்ட் பிளேரில், ஷாதிபூரிலேயே தங்கிவிட்டேன். பிள்ளைகள் கடல் தாண்டி மெயின்லேண்டில் இருக்கிறார்கள். என்னைப் போல் சிலர் சேர்ந்து ஒரு சிறிய தொண்டுச் சங்கம் நடத்தினோம். கணக்குத் தெரியும் என்பதால் நான் பொருளாளர். செயலாளர் ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ். வயதில் என்னைவிட இளையவர்தான். இருந்தாலும் ஊரே அவரை சிஸ்டர் என்று அழைத்ததால் நானும் அப்படியே அழைத்தேன். அவருடைய குடும்பம், வெள்ளைக்காரன் இங்கே கைதிகளை அனுப்பிய சிறைக் காலத்திலிருந்தே இந்தத் தீவில் இருப்பது. அவர் பேச்சு தமிழில் கிளம்பி இந்தியில் போய் இறங்கும்.

பெரார்கஞ்சைத் தாண்டி, மலைச் சரிவில், ஓடை கடலோடு சேரும் இடத்துக்கு மேலே ஒரு குடியிருப்பு உண்டு. வங்காளிகள், ராஞ்சிக்காரர்கள், கொஞ்சம் தமிழர்கள். வருடத்தில் பெரும்பகுதி அங்கே மழை கொட்டும். ஜனவரி பிறந்துவிட்டால் ஒரு சொட்டு இராது. பெண்கள் சரிவில் இறங்கி, ஓடைப் பள்ளத்தில் ஊறும் நீரைச் சிரட்டையால் மொண்டு, குடத்தில் நிரப்பி மேலே ஏறுவார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மழைநீர்த் தொட்டி வைத்துவிட்டால் கோடையைக் கடத்திவிடலாம். இதை எழுதிக் கொடுத்து, சென்னையில் உள்ள ஓர் அறக்கட்டளையிடம் நிதி பெற்றோம். பிளாஸ்டிக் தொட்டி, கூரை விளிம்பில் தகரக் கால்வாய், குழாய், தொட்டி நிற்க ஒரு கல் மேடை, பராமரிப்புப் பயிற்சி என்று தலைப்பு வாரியாகத் தொகை. இரண்டு தவணைகள். முதல் தவணையில் பெரும்பகுதி செலவானதைக் காட்டி அரையாண்டு அறிக்கை அனுப்பினால்தான் இரண்டாவது வரும்.

என் தவறு அந்த அறிக்கையில் இருக்கிறது.

தொட்டிகளைச் சென்னையில் ஒரு வியாபாரியிடம் சொல்லியிருந்தோம். முழுப் பணமும் கைக்கு வந்தால்தான் மெயின்லேண்ட் வியாபாரி சரக்கைக் கிடங்கிலிருந்து எடுப்பான். அதனால் இங்கே எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. பணத்தை அனுப்பியதுமே 'வாங்கியாச்சு' என்று சொல்லிவிடுவோம். பிறகு கப்பலைப் பார்த்துக்கொண்டிருப்போம். கடைக்காரனும் அப்படித்தான், கல்யாண வீட்டுக்காரனும் அப்படித்தான். கணக்கில் அதற்குப் பெயர் முன்பணம். பொருள் கைக்கு வரும்வரை அது செலவு ஆகாது. இதைச் சொல்லி எத்தனையோ பேருடைய பில்களைச் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்பியவன் நான். அந்த நான், வியாபாரிக்கு அனுப்பிய பணத்தையும், இன்னும் கட்டாத கப்பல் கூலியையும் சேர்த்துச் 'செலவு' என்ற பத்தியில் எழுதினேன். பக்கத்தில், 'தொட்டிகள் கொள்முதல் செய்து வழங்கப்பட்டன' என்றும் எழுதிக் கையெழுத்திட்டேன். அரையாண்டு அறிக்கைக்குத் தணிக்கையாளர் கையெழுத்து தேவையில்லை, பொருளாளர் கையெழுத்து போதும். இரண்டாம் தவணை தள்ளிப்போகக் கூடாது என்று நினைத்தேன். அதைவிட, என் பெயரில் ஓர் அறிக்கை குறையோடு போகக் கூடாது என்று நினைத்தேன். அடுத்த கப்பலில் தொட்டி வந்துவிடும், நான் எழுதியதும் உண்மையாகிவிடும்.

இரண்டாம் தவணை வந்தது. தொட்டி வரவில்லை.

கப்பல் முகவர் அனுப்பிய கூலி விவரத்தைப் பார்த்தபோதுதான் எங்கள் கணக்கின் பிழை தெரிந்தது. நாங்கள் சிமெண்ட் மூட்டையும் அரிசி மூட்டையும் இறக்கிப் பழகியவர்கள். எடைக் கணக்கில்தான் கூலி போட்டிருந்தோம். தொட்டியோ உள்ளே வெறும் காற்று. எடையில் சின்னது, இடத்தை அடைப்பதில் யானை. கப்பல்காரர்கள் எடையா கனஅளவா என்று பார்த்து எது அதிகமோ அதற்குத்தான் கூலி கேட்பார்கள். எங்கள் திட்டத் தொகை அதன் பக்கத்திலேயே வரவில்லை.

இது ஒன்றும் ஊரில் நடக்காத தவறு இல்லை. அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் எழுதி, வேறு தலைப்பில் மிஞ்சுவதைக் கூலிக்கு மாற்ற அனுமதி கேட்டால் முடிந்தது. ஆனால் வந்து சேர்ந்ததாக நானே எழுதிக் கொடுத்த பொருளுக்கு எப்படிக் கூலி கேட்பது? ஆகவே கேட்கவில்லை. குறைந்த கூலிக்கு ஏதாவது கப்பல் கிடைக்கும் என்று காத்திருந்தேன். மே மாதம் மழை பிடித்துக்கொண்டது. தொட்டிகள் சென்னையில் வியாபாரியின் கிடங்கில் நின்றன. சிஸ்டர் கேட்கும்போதெல்லாம், "ஷிப்புல இடமில்லையாம்" என்றேன். இந்தத் தீவில் அதை நம்பாதவர் யாரும் இல்லை.

இப்படியே மழைக்காலம் பாதிக்கு மேல் போயிற்று. அப்போது அறக்கட்டளையின் திட்ட அலுவலரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. திட்டக் காலம் முடியப் போகிறது. நீட்டிப்பு வேண்டுமானால் முடிவதற்கு முன்பே காரணத்தோடு, தலைப்பு வாரியான செலவு விவரத்தோடு, புதிய கால அட்டவணையோடு விண்ணப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் செலவாகாத தொகையைத் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்குப் பதிலாகத்தான் அந்த முதல் கடிதத்தை எழுதினேன். கடலையும் காற்றையும் கப்பலையும் ஒவ்வொரு பத்தியில் நிறுத்தினேன். என்னை எங்கும் நிறுத்தவில்லை.

சிஸ்டர் வீட்டுக்கு வந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுவதையும் படித்தார்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க சார். படிச்சா எனக்கே சமுத்திரத்து மேல கோவம் வருது."

"அப்ப இன்னிக்கே அனுப்பிடலாம்."

"கண்டிப்பா அனுப்பலாம், ஜரூர். நாளைக்கு மேல போய்ப் படிச்சுக் காட்டிட்டு."

சங்கம் ஆரம்பித்தபோது சிஸ்டர் வைத்த வழக்கம் அது. யாருடைய பெயரைச் சொல்லி நிதி கேட்கிறோமோ, அவர்கள் முன்னால் கடிதத்தைப் படித்துக்காட்டிய பிறகுதான் தபாலில் சேர்க்க வேண்டும். மருத்துவமனையில் நோயாளியின் தலைக்கு மேலே நின்று டாக்டர்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வதைப் பார்த்துப் பார்த்து வந்த வெறுப்பு என்பார். அரையாண்டு அறிக்கையின்போது, வெறும் எண்கள்தானே என்று சொல்லி நான் அதைத் தவிர்த்திருந்தேன்.

"டைம் இல்ல சிஸ்டர். தேதி நெருங்குது."

"அரே, காலைல பஸ் ஏறினா மத்தியானச் சோத்துக்குத் திரும்பிடலாம். அவங்க பேர்லதான கேக்குறோம்?"

மறுநாள் அங்கன்வாடி வராந்தாவில் எல்லோரும் கூடினார்கள். மழை இரைந்துகொண்டிருந்தது. பெண்கள் குழுவின் தலைவி முன்னால் உட்கார்ந்திருந்தார். இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து கச்சால் தீவில் ரப்பர் வெட்டிய குடும்பம் அவருடையது. பிறகு இங்கே குடியேறியவர்கள். கோழி வளர்க்கிறவர். கூப்பிட்டால் அடுத்த மலையில் கேட்கும் குரல். அவர் கணவர் ஓடை கடலில் சேரும் இடத்தில் சிறு டிங்கிப் படகு ஓட்டி மீன் பிடிப்பவர். சுவரில் சாய்ந்து நின்றார்.

நான் கடிதத்தை இந்தியில் சொல்லிக்கொண்டே போனேன். வாங்கிய தொட்டிகள் கடல் போக்குவரத்தின் எதிர்பாராத இடர்ப்பாடுகளால் இன்னும் நிறுவப்படவில்லை என்ற இடத்தில் தலைவி கையை உயர்த்தித் தமிழுக்கு மாறினார்.

"கொஞ்சம் நில்லுங்க ஐயா. டாங்கி வாங்கியாச்சுங்களா?"

"ஆச்சும்மா. பணமெல்லாம் கட்டியாச்சு."

"எங்கிட்டு இருக்கு?"

"சென்னையில."

"எப்பருந்து?"

"மழைக்கு முன்னாடியிருந்து."

"ஷிப்புல இடமில்லன்னு சொன்னீங்களே சார்," என்றார் அவர் கணவர். "போன மாசம் என் மச்சான் அலமாரி, கட்டிலு, ஃபிரிட்ஜு எல்லாம் மெயின்லேண்ட்லருந்து இறக்கினான். அதுக்கு மட்டும் எப்படி இடம் இருந்துச்சு?"

"அது மாமியார் வீட்டுச் சீரு," என்று பின்னாலிருந்து ஒரு குரல். "ஏத்தலன்னா அந்தம்மா கப்பலையே திருப்பியிருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். கூலி அதிகமாகக் கேட்கிறார்கள், அந்த அளவு தொகை திட்டத்தில் இல்லை என்றேன்.

"அப்ப காசு குடுத்தவங்ககிட்ட கேட்டீங்களா?" என்றார் தலைவி.

நான் கடிதத்தை மடித்தேன்.

"சார், கேட்டீங்களா?" என்று சிஸ்டரும் கேட்டார். அவர் குரலில் சந்தேகம் இல்லை. நான் ஆமாம் என்று சொல்லிவிடுவேன் என்ற நம்பிக்கைதான் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"கேட்கல," என்றேன். "தொட்டியெல்லாம் உங்க வீட்டுக்கு வந்தாச்சுன்னு முன்னாடியே எழுதிக் கொடுத்துட்டேன். அதனால கேட்க முடியல."

இந்தியில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை சொன்னேன். ஒரு வங்காளிப் பெண் பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாக ஏதோ கேட்டாள். அவள் பதில் சொன்னதும் இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

தலைவி எழுந்தார். "குடைய எடுங்க ஐயா. வாங்க."

"எங்கேம்மா?"

"எழுதினீங்கல்ல, வந்து பாருங்க."

அவர் பின்னால் சரிவில் ஏறினேன். திட்டம் தொடங்கிய பிறகு, மேடை கட்டி முடித்தார்கள் என்று போட்டோ வாங்கி ஒட்டியதோடு சரி. மழையில் நான் அங்கே போனதில்லை. கால்வாயும் குழாயும் போர்ட் பிளேரிலேயே கிடைத்ததால் அவற்றை எப்போதோ மாட்டிவிட்டார்கள். மேடைகளை அவர்களே கல் உடைத்துக் கட்டியிருந்தார்கள். இவை எல்லாம் என் ஏட்டில் தலைப்புகளாக இருந்தன. மேலே போய்த் திரும்பிப் பார்த்தேன்.

சரிவு முழுவதும், வீட்டுக்கு வீடு, கூரை நீர் கால்வாயில் சேர்ந்து, குழாயில் இறங்கி, தடித்த வெள்ளைத் தண்டாக மேடைமேல் விழுந்துகொண்டிருந்தது. எந்த மேடையிலும் தொட்டி இல்லை. நீர் கல்லில் அடித்துச் சிதறி, சரிவில் ஓடி, ஓடைக்குப் போய், கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அத்தனை குழாய்களும் ஒரே சமயத்தில் கொட்டும் ஓசை நெஞ்சுக்குள் இறங்கியது. ஆயுள் முழுக்க இந்தத் தீவின் மழையில் நனைந்தவன் நான். வானம் இவ்வளவு கொடுக்கிறது என்று அன்றுதான் பார்த்தேன். மழையில் குறையே இல்லை. அந்த மக்கள் தங்கள் பங்கை முழுவதும் முடித்து, தண்ணீரைச் சரியான இடத்துக்கு, ஓர் அங்குலம் விலகாமல் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். இல்லாதது நான் இருப்பதாக எழுதிய பொருள் ஒன்றுதான்.

சும்மாவும் இருக்கவில்லை அவர்கள். மேடைகளில் அண்டா, குண்டான், பெயிண்ட் டப்பா, குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி என்று கையில் கிடைத்ததையெல்லாம் வைத்திருந்தார்கள். தலைவியின் வீட்டு மேடையில் ஒரு டிங்கி இருந்தது. முழுப் படகு. இரு பக்கமும் கல் முட்டுக் கொடுத்து, வாய் ததும்பத் தண்ணீரோடு, மலைமேல் நின்றது.

"இத எப்படிம்மா மேல கொண்டுவந்தீங்க?"

"எல்லாருமா தூக்குனோம். பழைய டிங்கிதான், கடலுக்கு ஆவாது."

"ஆவாதுன்னு யாரு சொன்னா?" என்றார் பின்னால் வந்த கணவர். "இவதான் சொன்னா. நான் எறால் புடிச்சிட்டுத்தான் இருந்தேன்."

"தண்ணி புடிக்கிறது எறால் புடிக்கிறத விட லேசா?" என்றார் தலைவி.

படகு வெளித்தண்ணீரைத் தள்ளி நிற்பதற்காகச் செய்யப்பட்டது. அதை மலைமேல் ஏற்றி, உள்ளே தண்ணீர் நிறுத்த வேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. மழையில் அது ஒரு வசதி.

வராந்தாவுக்குத் திரும்பியதும், "வேற எழுதுங்க ஐயா," என்றார் தலைவி. "கப்பல் மேல பழி போடாதீங்க. நாங்க பாவப்பட்ட சனம்னும் எழுதாதீங்க. எங்க வேலை முடிஞ்சிருச்சு, டாங்கிதான் வரலன்னு எழுதுங்க. மேடை கட்டுன கூலி எங்களுக்கு இன்னும் வரல்ல. டாங்கி வச்சப்புறம் தாறதாச் சொன்னீங்க. அந்தக் காச வேணா கப்பலுக்குப் போட்டுக்கங்க. மழை நிக்குறதுக்குள்ள வரணும், அம்புட்டுதான்."

திரும்பும் பஸ்ஸில் சிஸ்டர் வெகு நேரம் ஜன்னலைப் பார்த்தபடி வந்தார். கூலி வித்தியாசத்தை என் ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து போட்டுவிடுகிறேன், நாளைக்கே தொட்டியை ஏற்றச் சொல்கிறேன், யாருக்கும் எதுவும் எழுத வேண்டியிராது என்றேன்.

அவர் திரும்பினார். "சார், புண்ணுக்கு மேல புதுசா கட்டு போட்டா, உள்ள சீழ் இல்லன்னு ஆயிடுமா? உங்க காசு உள்ள வந்தா அந்தப் பொய்யி பக்கா ஆயிடும். நாளைக்கு ஆடிட்டர் கேட்டா அதுக்கு வேற ஒண்ணு சொல்லணும்." பிறகு, "என்கிட்ட சொல்லியிருக்கலாம். இத்னா ஹி, வேற ஒண்ணுமில்ல," என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

இரண்டாவது கடிதத்தை அன்று மாலையே எழுத உட்கார்ந்தேன். 'நான்' என்று வாக்கியத்தைத் தொடங்க எனக்குப் பழக்கம் இல்லை. முதல் வரி இப்படி வந்தது: 'அரையாண்டு அறிக்கையில் தொட்டிகள் வழங்கப்பட்டதாக நான் எழுதியது உண்மை அல்ல. அவை இன்று வரை சென்னையில் உள்ளன.' அடுத்த வரி: 'இது அப்போது சங்கச் செயலாளருக்கோ பயனாளிகளுக்கோ தெரியாது.' பிறகு எல்லாம் எளிதாக இருந்தது. பழைய செலவுப் பட்டியலைத் திரும்பப் பெற்றுக்கொண்டு புதிய பட்டியல் போட்டேன். ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே அனுமதித்த தொகை, உண்மையில் செலவானது, பொருள் வராமல் முன்பணமாக நிற்பது, கையில் இருப்பது என்று தனித்தனிப் பத்திகள். வங்கியில் கிடந்த நிதிக்கு வந்த வட்டியையும் காட்டினேன். அதுவும் அவர்கள் பணம்தான். வியாபாரியின் ரசீதையும் கப்பல் முகவரின் கூலி விவரத்தையும் இணைத்தேன். கூடுதல் நிதி கேட்கவில்லை. காலம் மட்டும் நீட்டித்துத் தரும்படியும், கூலிக் குறையை எந்தத் தலைப்பிலிருந்து ஈடுகட்டலாம் என்று அவர்களே முடிவு செய்யும்படியும் கேட்டேன். மேடைக் கூலியைக் கப்பலுக்குக் கொடுக்க மக்கள் முன்வந்ததை அவர்கள் சொற்களிலேயே எழுதினேன். அதற்குக் கீழே சிஸ்டர் சொல்லி ஒரு வரி: 'இதை ஏற்கும்படி நாங்கள் கேட்கவில்லை.' நிர்வாகக் குழு கூடி, நடந்ததைப் பதிவு செய்து தீர்மானம் போட்டு, அதன் நகலும் போயிற்று. போகுமுன் மறுபடியும் மேலே போய்ப் படித்துக்காட்டினேன். இந்த முறை யாரும் இடையில் நிறுத்தவில்லை.

சில நாட்களில் திட்ட அலுவலர் போனில் கூப்பிட்டார். இளம்பெண், சென்னைப் பேச்சு, வேகமாகப் பேசுவார்.

"சார், லெட்டர் பார்த்தேன். கப்பல் லேட்டுன்னு எழுதியிருந்தா எனக்கு வேலை ஈஸி சார். அதுக்கு ஒரு கட்டம் இருக்கு, டிக் பண்ணிட்டுப் போயிடுவேன். இதுக்கு எங்க ஃபார்ம்ல கட்டமே இல்ல."

"தெரியும்மா."

"ரெண்டாவது இன்ஸ்டால்மென்ட்ட தொடாதீங்க. கமிட்டி முடிவு சொல்ற வரைக்கும் ஒரு ரூபா எடுக்கக் கூடாது. என்னால இப்ப ப்ராமிஸ் எதுவும் பண்ண முடியாது, சரிங்களா?"

"சரிம்மா." பிறகு கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன். "மழை நிக்கறதுக்குள்ள முடிவு வருமா?"

"அங்க மழை எப்ப சார் நிக்கும்?"

"டிசம்பர்ல."

"நோட் பண்ணிக்கிறேன்," என்றார்.

அந்த வாரங்களில் நான் மழையைப் பார்த்த மாதிரி வாழ்நாளில் எதையும் பார்த்ததில்லை. ஷாதிபூரில் என் வீட்டுத் தகரத்தில் சடசடவென்று விழத் தொடங்கும்போதெல்லாம் எழுந்துபோய் நிற்பேன். ஒவ்வொரு மழையும் அந்த மேடைகளில் விழுந்து வீணாகப் போவது கண்ணில் தெரியும். நின்றுவிட்டால் இன்னும் பயம். போதும் போதும் என்று சலித்த மழையை, இன்னும் கொஞ்சம் இரு என்று கெஞ்சினேன். இறை நம்பிக்கையில் நான் அவ்வளவு திடமானவன் அல்ல. ஆனால் அந்த நாட்களில் வானத்தை ஓர் ஆளைப் போலவே மரியாதையாகப் பார்த்தேன்.

கமிட்டியின் கடிதம் வந்தது. நீட்டிப்பு கொடுத்திருந்தார்கள். மேடை கட்டியவர்களின் கூலியில் கை வைக்கக் கூடாது, அதை உடனே கொடுத்துவிட வேண்டும். கப்பல் கூலிக் குறையை வட்டியிலிருந்தும், பயிற்சித் தலைப்பில் மெயின்லேண்டிலிருந்து பயிற்சியாளரை வரவழைக்க வைத்திருந்த தொகையிலிருந்தும் ஈடுகட்டலாம். பயிற்சியை உள்ளூரிலேயே செயலாளர் நடத்தட்டும். இனி மாதம் ஒரு கணக்கு. கணக்குகளைத் தணிக்கையாளர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். கடைசியாக, அரையாண்டு அறிக்கையில் கையெழுத்திட்டவர் இனி இத்திட்டத்தின் காசோலைகளில் கையெழுத்திடக் கூடாது.

அதைப் படித்தபோது அவமானமாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. முன்பின் பார்த்திராத நான்கைந்து பேர் சென்னையில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, மலையில் கல் உடைத்தவர்களின் கூலியைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார்கள். பொய் சொன்னவனை ஒதுக்கிவிட்டு, தண்ணீரை ஒதுக்காமல் விட்டிருக்கிறார்கள். ஒரு தாளில் இவ்வளவு நிதானம் இருக்க முடியும் என்று, தாளோடேயே வாழ்ந்த எனக்குத் தெரியாது. வாய்விட்டுப் படித்தேன், கேட்க யாரும் இல்லாதபோதும்.

பொருளாளர் பதவியிலிருந்தே விலகிக்கொண்டேன். புதிய பொருளாளரின் கையெழுத்தை வங்கி ஏற்றுக்கொள்ளச் சில நாட்கள் போயின. கப்பலில் இடம் கிடைக்க மேலும் சில. தொட்டிகள் துறைமுகத்தில் இறங்கியபோது டிசம்பர் பாதி கடந்திருந்தது. கறுப்புத் தொட்டிகளை லாரியில் கட்டி மேலே கொண்டுபோனார்கள். ஒவ்வொன்றும் அதனதன் மேடையில் அளவெடுத்தது போல் உட்கார்ந்தது. ஆண்டு முடிவதற்குள் நல்ல மழை சில நாட்கள்தான் பெய்தது. ஒரு நாள் இரவும் பகலும் விடாமல் கொட்டியது. அதோடு வானம் கையை மூடிக்கொண்டது.

மார்ச் மாதம், கூலி வாங்கிய ரசீதுகளில் ஒன்று குறைகிறது என்று சிஸ்டர் அனுப்பியதால் மேலே போனேன். வெயில் சுட்டது. ஓடைப் பள்ளம் காய்ந்து வெடித்திருந்தது. தலைவி கையெழுத்துப் போட்டுவிட்டு, தொட்டியைப் பார்க்கிறீர்களா என்றார். நான் அதன் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக விரலை மடக்கித் தட்டிக்கொண்டே வந்தேன். டொங், டொங் என்று வெறுமையாக ஒலித்தது. இடுப்புயரத்துக்கும் கீழே வந்ததும் சத்தம் சட்டென்று மாறி, கனமாக, குரலடைத்தாற்போல் ஆனது. அங்கேயே கையை வைத்தேன். வெயிலிலும் அந்த இடம் குளிர்ந்திருந்தது. டிசம்பரில் வானத்தில் இருந்தது, மார்ச்சில் என் உள்ளங்கைக்கு அந்தப் பக்கம் அசையாமல் நின்றது. கையை எடுக்கவே எனக்கு மனம் வரவில்லை.

"எத்தனை நாளைக்கு வரும்மா?"

"சமைக்கக் குடிக்க மட்டும்னா இந்த மாசம் தாண்டிரும். அப்புறம் கீழதான் போகணும்."

"எவ்வளவு தூரம்?"

அவர் மோவாயால் காட்டினார். காய்ந்த ஓடைக்கும் அப்பால், ரோட்டோரம், லாரித் தண்ணீர் வந்து நிற்கும் இடம்.

"பூரா நெறஞ்சிருந்தா மே மாசம் வரைக்கும் வந்திருக்கும்ல?" என்றேன்.

"வந்திருக்கும்," என்றார் அவர். மறைக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. பிறகு உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். வேண்டாம் என்றேன்.

"குடிங்க ஐயா. வந்தவங்களுக்கும் சேத்துத்தான் எங்க கணக்கு."

குடித்தேன். தொட்டியில் வெறுமையாக ஒலித்த மேல்பகுதி என்னால் வந்தது. ஏப்ரலிலும் மேயிலும் அந்தப் பெண்கள் குடத்தோடு இறங்கி ஏறியது என்னால். அடுத்த மழையில் எல்லாம் நிரம்பிவிட்டது என்பது இதை மாற்றாது.